400 விண்ணப்பங்கள், 8 அழைப்புகள்: உங்கள் பங்கு எவ்வளவு?

[காட்சி: வேலைவாய்ப்புத் தளத்தின் திரை. ஒரு கணக்காளர் வேலை. கீழே '400 பேர் விண்ணப்பித்துள்ளனர்'.]

இந்த எண்ணைப் பார்த்ததும் பலர் பக்கத்தை மூடிவிடுகிறார்கள். நேர்காணலுக்கு எட்டுப் பேரை அழைப்பார்கள், விண்ணப்பித்தவர்கள் நானூறு பேர், ஆகவே நமக்கு வாய்ப்பு இரண்டு சதவீதம் என்று மனக்கணக்குப் போடுகிறார்கள். நிறுவனங்களுக்கு ஆள் தேடிக் கொடுக்கும் வேலையில் சில ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வகுத்தல் சரி, ஆனால் அந்த இரண்டு சதவீதம் அங்கே யாருக்குமே பொருந்தாது. சிலருக்கு வாய்ப்பு பூஜ்யம். சிலருக்கு நாற்பது.

[காட்சி: மேசை, கணினி, ஆறிப்போன தேநீர். ஒரு பெண் திரையில் வடிகட்டிகளைத் தேர்ந்தெடுக்கிறார்.]

இவர்தான் ஆள் எடுப்பவர். நானூறு பயோடேட்டாவையும் இவர் திறக்கப்போவதில்லை. எண்களை எடுத்துக்காட்டுக்காக நானே வைத்துக்கொள்கிறேன். வேலை சென்னையில்; மூன்று முதல் ஐந்து ஆண்டு அனுபவம் வேண்டும். அனுபவத்தைத் தேர்ந்தெடுத்ததும் 180 பேர் மிஞ்சுகிறார்கள். புதிதாகப் படித்து முடித்தவர்களும், பதினைந்து ஆண்டு அனுபவசாலிகளும் போய்விட்டார்கள். ஊர் சென்னை என்றதும் 110. முப்பது நாளுக்குள் சேரக்கூடியவர்கள் என்றதும் 50.

இப்போது தேடல் பெட்டியில் ஒரு சொல்லைத் தட்டுகிறார்: GSTR-3B. மாதாந்தர ஜிஎஸ்டி படிவத்தைத் தாக்கல் செய்தவர்தான் அவருக்கு வேண்டும். மிஞ்சுவது 32 பேர்.

[காட்சி: இரண்டு பயோடேட்டாக்கள் பக்கத்தில் பக்கத்தில்.]

இங்கே சற்று நிற்போம். இடப்பக்கம் இருப்பவர் எழுதியிருப்பது: 'வரி சம்பந்தமான எல்லா வேலைகளையும் கவனித்தேன்.' வலப்பக்கம்: 'இரண்டு கிளைகளுக்கு மாதந்தோறும் GSTR-1, GSTR-3B தாக்கல், GSTR-2B-யுடன் கொள்முதல் பதிவேட்டை ஒப்பிட்டுச் சரிபார்த்தல்.' இருவரும் செய்தது ஒரே வேலையாகவே இருக்கலாம். ஆனால் தேடலில் வலப்பக்கத்தவர் மட்டுமே வருவார். இடப்பக்கத்தவரை யாரும் நிராகரிக்கவில்லை. யாரும் பார்க்கவே இல்லை.

32 பேரில் எட்டு என்றால் நான்கில் ஒன்று. இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. எட்டுப் பேர் தேறியதும் அவர் தேடுவதை நிறுத்திவிடுவார். அந்த 32 பேரில் முதல் இரண்டு நாளில் வந்தவர்கள் 20 பேர், அவர்களிலேயே எட்டுப் பேர் தேறிவிட்டார்கள் என்றால், முந்தியவர்களுக்கு வாய்ப்பு நாற்பது சதவீதம். ஐந்தாம் நாள் வந்த தகுதியானவருக்கு ஏறத்தாழ ஒன்றுமில்லை. அழைத்தவர்கள் வராமல் போனால்தான் மறுபடி தேடுவார். ஆகவே '400 பேர்' என்பதைவிட, விளம்பரம் வந்தது 'ஐந்து நாள் முன்பு' என்பதற்குத்தான் கவலைப்பட வேண்டும்.

உள்ளே வேலை செய்பவரின் பரிந்துரை உதவுவதும் இந்த இடத்தில்தான். உங்கள் பயோடேட்டா வரிசையில் நிற்காமல் நேராக ஆள் எடுப்பவரின் மின்னஞ்சலுக்குப் போகிறது, திறக்கப்படுகிறது. ஆனால் GSTR-3B தெரியாதவருக்குப் பரிந்துரை பெரிதாகக் கைகொடுக்காது. உள்ளேயே ஆளை முடிவு செய்துவிட்டுப் பெயருக்கு விளம்பரம் கொடுக்கும் நிறுவனங்களும் உண்டு. அதை வெளியிலிருந்து கண்டுபிடிக்க வழியில்லை.

[காட்சி: காகிதத்தில் பத்துக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு விண்ணப்பம்.]

சரி, நம் கணிப்பு உண்மைதானா என்று எப்படிச் சோதிப்பது? எல்லா நிபந்தனைகளும் பொருந்தி, முதல் இரண்டு நாளுக்குள் அனுப்பிய விண்ணப்பங்களை மட்டும் எண்ணுங்கள். நாற்பது சதவீதம் வேண்டாம், வாய்ப்பு வெறும் நான்கில் ஒன்று என்றே வைத்துக்கொண்டாலும், பத்து விண்ணப்பத்துக்கும் ஓர் அழைப்புகூட வராமல் போவது நூறில் ஆறு முறைதான் நடக்கும். வாய்ப்பு இரண்டு சதவீதமாக இருந்தால் அதே மௌனம் நூறில் 82 முறை நடக்கும். ஆகவே பத்தும் மௌனம் என்றால் அதிர்ஷ்டத்தை நோகாதீர்கள். ஏதோ ஒரு வடிகட்டி உங்களைத் தள்ளிக்கொண்டிருக்கிறது.

என் சித்தப்பா மகனுக்கு நடந்தது இதுதான். பதினான்கு விண்ணப்பம், ஓர் அழைப்பும் இல்லை. பயோடேட்டாவை மூன்று முறை மாற்றி எழுதினான். ஒரு நாள் அவன் தளக் கணக்கைத் திறந்து பார்த்தோம். நோட்டீஸ் பீரியட் என்ற கட்டத்தில் 'மூன்று மாதம்' என்றிருந்தது. முன்பு எப்போதோ நிரப்பியது. ராஜினாமா கொடுத்து, விடைபெற இன்னும் பன்னிரண்டு நாள்தான் பாக்கி என்பதை அந்தக் கட்டத்துக்கு மட்டும் அவன் சொல்லியிருக்கவில்லை. கடைசி நாளின் தேதியைப் போட்டுச் சேமித்தான். அடுத்து அனுப்பிய ஆறில் இரண்டு இடங்களிலிருந்து தொலைபேசி வந்தது.