ஊதா நிறம் வராவிட்டால் ஆஸ்பிரின் சுத்தமா?

நேயர்களுக்கு வணக்கம். வேலூர்க் கல்லூரிகளில் இரண்டாம் ஆண்டு வேதியியல் படிக்கும் பிள்ளைகள் ஆஸ்பிரின் செய்து பெரிக் குளோரைடால் சோதித்துப் பார்ப்பார்கள். அந்த ரெக்கார்டு நோட்டை எப்படி எழுதுவது என்று பேச அழைத்திருக்கிறார்கள். நோட்டின் வரிசையிலேயே போகிறேன்.

முதலில் செய்முறை. கூம்புக் குடுவை உலர்ந்திருக்க வேண்டும். ஈரமிருந்தால் அசிட்டிக் அன்ஹைட்ரைடில் ஒரு பங்கு தண்ணீரோடு சேர்ந்து வீணாகிவிடும். குடுவையில் 2 கிராம் சாலிசிலிக் அமிலம், 5 மில்லி அசிட்டிக் அன்ஹைட்ரைடு, அடர் கந்தக அமிலம் 5 சொட்டு. 60 டிகிரி அளவிலான வெந்நீரில் 15 நிமிடம் வைத்தால் கலவை தெளிந்துவிடும். அன்ஹைட்ரைடின் ஆவி கண்ணையும் மூக்கையும் எரிக்கும். புகைப்போக்கிப் பெட்டிக்குள் வைத்தே செய்ய வேண்டும். அப்புறம் மிச்ச அன்ஹைட்ரைடைச் சிதைக்கக் கொஞ்சம் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும்; சூடு கிளம்பும். பிறகு பனிக்கட்டியில் குளிரவைத்து, புக்னர் புனலில் வடிகட்டுவது.

இங்கேதான் நம் ஊர் குறுக்கே வருகிறது. மே மாதத்தில் மாடித் தொட்டித் தண்ணீர் குழாயிலேயே வெந்நீராக வரும். சாதாரண வெப்பநிலையில் 100 மில்லி தண்ணீர் சுமார் கால் கிராம் ஆஸ்பிரினைக் கரைத்துக்கொள்ளும். தண்ணீர் சூடாக இருந்தால் இன்னும் கூடுதலாகவே கரையும். அந்தக் குழாய்த் தண்ணீரால் தாராளமாகக் கழுவினால் செய்ததில் ஒரு பகுதி வடிநீரோடு போய்விடும். ஐஸ் தண்ணீரைச் சிறிது சிறிதாக விட்டுத்தான் கழுவ வேண்டும்.

இப்போது கணக்கு. 138 கிராம் சாலிசிலிக் அமிலம் 180 கிராம் ஆஸ்பிரினாகும். ஆகவே 2 கிராமுக்கு அதிகபட்சம் 2.61 கிராம்தான் வரலாம். ஒரு மாணவரின் நோட்டில், வடிகட்டியதும் நிறுத்த எடை 2.9 கிராம் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது 111 சதவீதம். தராசு பொய் சொல்லவில்லை, பொருள் ஈரமாக இருக்கிறது. அதையே சிறிதளவு ஆல்கஹாலில் மிதமான சூட்டில் கரைத்து, வெதுவெதுப்பான தண்ணீர் சேர்த்து, மறுபடியும் படிகமாக்கி உலர்த்தினால் 1.83 கிராம், அதாவது 70 சதவீதம். இது நம்பத்தக்க விளைச்சல். சிலர் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்துக் கரைக்கிறார்கள். அப்போது ஆஸ்பிரினே உடைந்து மறுபடி சாலிசிலிக் அமிலமாகிறது. சுத்தம் செய்யப் போய் அழுக்கைச் சேர்த்த கதைதான்.

சரி, சோதனைக்கு வருவோம். சாலிசிலிக் அமிலத்தில் வளையத்தோடு நேரே இணைந்த ஓ.எச். தொகுதி ஒன்று உண்டு. அது இரும்பு அயனியைப் பிடித்துக்கொண்டு ஊதா நிறம் தரும். ஆஸ்பிரினில் அந்த இடத்தை அசிட்டைல் தொகுதி மூடிவிடுவதால் நிறம் வராது. நான்கு சோதனைக் குழாய்களில் ஒரு மில்லி ஆல்கஹால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் எதுவும் போட வேண்டாம். மற்ற மூன்றில் சாலிசிலிக் அமிலம், வடிகட்டியெடுத்த ஆஸ்பிரின், மறுபடிகமாக்கிய ஆஸ்பிரின் ஆகியவற்றில் தலா ஒரு சிட்டிகை. நான்கிலும் 1 சதவீத பெரிக் குளோரைடு ஒவ்வொரு சொட்டு. வெறும் குழாய் வெளிர் மஞ்சள், சாலிசிலிக் அமிலக் குழாய் அடர் ஊதா. பொதுவாக வடிகட்டியெடுத்தது இளம் ஊதாவாகவும், மறுபடிகமாக்கியது மஞ்சளாகவும் நிற்கும். நிறத்தை உடனே குறித்துக்கொள்ள வேண்டும்; ஈரத்தில் நெடுநேரம் நின்றால் ஆஸ்பிரின் மெல்லச் சிதையும், நல்ல மாதிரியும் பிறகு ஊதாவாகலாம்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. சரியாகக் கழுவாமல் கந்தக அமிலம் தங்கியிருந்தால், அந்த அமிலமே ஊதாச் சேர்மத்தை உருவாக விடாது. சாலிசிலிக் அமிலம் இருந்தும் குழாய் மஞ்சளாகவே நிற்கலாம். சந்தேகம் வந்தால் அதே குழாயில் துளி சாலிசிலிக் அமிலம் சேர்த்துப் பாருங்கள். அப்போதும் ஊதா வராவிட்டால், சோதனைதான் தோற்றிருக்கிறது.

எனவே முடிவுப் பகுதியில் ‘தூய்மை 100 சதவீதம்’ என்று எழுதுவது எனக்கு ஏற்பில்லை. தண்ணீரையோ அசிட்டிக் அமிலத்தையோ இந்தச் சோதனை காட்டாது. உருகுநிலையையும் பார்க்க வேண்டும்: தூய ஆஸ்பிரின் 135 டிகிரி அருகே குறுகிய வீச்சில் உருகும், 128 முதல் 133 வரை இழுத்துக்கொண்டு உருகினால் அதில் வேறு ஏதோ கலந்திருக்கிறது. நம் மாணவர் இப்படி எழுதலாம்: ‘மறுபடிகமாக்கிய பொருளில் பெரிக் குளோரைடு சோதனையில் ஊதா தென்படவில்லை, உருகுநிலை 134 முதல் 135 டிகிரி, விளைச்சல் 70 சதவீதம்.’ எத்தனை சதவீதம் சாலிசிலிக் அமிலம் கலந்திருக்கிறது என்று ஆசிரியர் கேட்டால், அளவு தெரிந்த சாலிசிலிக் அமிலக் கரைசல்களைப் படிப்படியாக நீர்த்து, அவற்றின் ஊதாவோடு நிறமானியில் ஒப்பிட வேண்டும். அது தனிச் சோதனை. வணக்கம்.