PaCO2 36: நார்மல் என்று எழுதும் முன் ஒரு நிமிடம்

வணக்கம். ஏபிஜி, அதாவது தமனி ரத்தத்தில் உள்ள வாயுக்களைச் சோதிக்கும் ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி என்று இரண்டாம் ஆண்டு நர்சிங் மாணவர்கள் நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். இன்று ஒரே ஒரு நோயாளி, அவருடைய இரண்டு ரிப்போர்ட்டுகள், அவ்வளவுதான். அந்த இரண்டாவது ரிப்போர்ட்டில் ஒரு நார்மல் எண் இருக்கிறது. அதுதான் எனக்குப் பயம் தருகிற எண்.

முதலில் கொஞ்சம் அடிப்படை. நம் உடலின் செல்கள் நாள் முழுக்க கார்பன் டை ஆக்சைடை உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன. அது ரத்தத்தில் கரைந்தால் கார்போனிக் அமிலம் ஆகிறது. அதனால் இந்தப் பாடம் முழுக்க கார்பன் டை ஆக்சைடை அமிலம் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். அதை வெளியே தள்ளுவது நுரையீரல். எதிர்ப்பக்கம் பைகார்பனேட், அதாவது HCO3. அது காரம், அமிலத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதன் அளவைப் பார்த்துக்கொள்வது சிறுநீரகம். pH என்பது இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள விகிதம். ஒன்று குறைந்தால் மற்றதையும் குறைத்து விகிதத்தைக் காப்பாற்ற உடல் பார்க்கும். இதைத்தான் காம்பென்சேஷன் என்கிறோம். நுரையீரல் சில நிமிடங்களிலேயே வேலையைத் தொடங்கிவிடும். சிறுநீரகம் முழுதாக ஈடுகொடுக்க மூன்று முதல் ஐந்து நாள் வரைகூட ஆகும்.

எண்களைச் சொல்லிவிடுகிறேன். pH 7.35 முதல் 7.45. PaCO2, அதாவது தமனி ரத்தத்தில் உள்ள கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம், 35 முதல் 45. HCO3 22 முதல் 26. இந்த மூன்றும் மனப்பாடமாக இருக்க வேண்டும், வேறு வழியில்லை.

சரி, நோயாளிக்கு வருவோம். 22 வயது இளைஞர், டைப் 1 சர்க்கரை நோய். இரண்டு நாளாக வாந்தி, இன்சுலின் போடவில்லை. மூச்சு நிமிடத்துக்கு 34, அதுவும் ஆழமான மூச்சு. வயிறும் மார்பும் ஏறி இறங்குவது கட்டிலின் கால்மாட்டில் நின்றாலே தெரிகிறது. வாயில் பழவாடை. சர்க்கரை 480. முதல் ரிப்போர்ட் இது:

```
pH     7.18
PaCO2  22
HCO3   8
```

முதலில் pH மட்டும் பாருங்கள். மற்ற இரண்டையும் விரலால் மறைத்துக்கொண்டாலும் தப்பில்லை, நான் அப்படித்தான் பழகினேன். 7.18 என்றால் அசிடோசிஸ், அதாவது ரத்தம் அமிலப் பக்கம் சாய்ந்துவிட்டது. இப்போது விரலை எடுங்கள். இந்த அசிடோசிஸுக்குக் காரணம் யார்? PaCO2 22, அதாவது அமிலம் குறைந்திருக்கிறது. அமிலம் குறைந்தால் pH ஏறத்தான் வேண்டும், இறங்கக் கூடாது. அதனால் அது குற்றவாளி இல்லை. HCO3 8, காரம் குறைந்திருக்கிறது. காரம் குறைந்தால் pH இறங்கும். ஆக, இது மெட்டபாலிக் அசிடோசிஸ். இன்சுலின் இல்லாததால் உண்டான கீட்டோன் அமிலங்கள் பைகார்பனேட்டைத் தின்று தீர்த்துவிட்டன.

அப்படியென்றால் PaCO2 ஏன் குறைந்தது? அதுதான் காம்பென்சேஷன். அந்த ஆழமான வேக மூச்சுக்கு குஸ்மால் மூச்சு என்று பெயர். அவர் மூச்சிரைத்துக் கஷ்டப்படுகிறார் என்று மட்டும் பார்க்காதீர்கள். காரம் குறைந்த அளவுக்கு அமிலத்தையும் ஊதித் தள்ளுகிறார்.

பெரும்பாலும் மாணவர்கள் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். இன்னும் ஒரு படி இருக்கிறது: ஊதித் தள்ளுகிற அளவு போதுமா? மெட்டபாலிக் அசிடோசிஸில் PaCO2 எவ்வளவு இருக்க வேண்டும் என்று கணக்குப் போடலாம். விண்டர்ஸ் ஃபார்முலா என்பார்கள்.

```
PaCO2 = (1.5 × HCO3) + 8 ± 2
```

8ஐ 1.5ஆல் பெருக்கினால் 12. அதோடு 8 கூட்டினால் 20. இரண்டு முன்னே பின்னே, 18 முதல் 22 வரை. இவருக்கு 22. போதும், நுரையீரல் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது.

அப்புறம் சலைன், இன்சுலின் எல்லாம் தொடங்கியாயிற்று. இரண்டு மணி நேரம் கழித்துப் போய்ப் பார்க்கிறீர்கள். மூச்சு 18. கண்ணை மூடிப் படுத்திருக்கிறார். பக்கத்தில் இருக்கும் அம்மா, "இப்பதான் கொஞ்சம் நிம்மதியா தூங்குறான்" என்கிறார். இரண்டாவது ரிப்போர்ட் வருகிறது:

```
pH     7.02
PaCO2  36
HCO3   9
```

PaCO2 36. புத்தகத்தின்படி நார்மல். மூச்சு 18, அதுவும் நார்மல். சார்ட்டில் அப்படியே எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட முடியும்.

ஆனால் pH-ஐப் பாருங்கள். பைகார்பனேட் 8லிருந்து 9 ஆகியிருக்கிறது, கொஞ்சமாவது தேறியிருக்கிறது. அப்படியிருந்தும் pH 7.18லிருந்து 7.02க்கு விழுந்திருக்கிறது. அதைக் கீழே இழுத்தது பைகார்பனேட் இல்லையென்றால் கார்பன் டை ஆக்சைடுதான். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 9ஐ 1.5ஆல் பெருக்கினால் 13.5, கூட்டினால் 21.5. அதாவது இவருக்கு இருக்க வேண்டியது சுமார் 20 முதல் 23 வரை. இருப்பது 36. இவரைப் பொறுத்தவரை அது மிக அதிகம். மெட்டபாலிக் அசிடோசிஸின் மேல் ரெஸ்பிரேட்டரி அசிடோசிஸும் சேர்ந்துவிட்டது. அவர் நிம்மதியாகத் தூங்கவில்லை. மூச்சுத் தசைகள் களைத்துவிட்டன, நினைவும் மங்குகிறது.

சாம்பிள் தப்பாக இருக்கலாமே என்று கேட்பீர்கள், கேட்கவும் வேண்டும். சிரிஞ்சில் காற்றுக்குமிழி இருந்தால் PaCO2 குறைவாகக் காட்டும், இங்கே ஏறியிருக்கிறது. லேபுக்குப் போகத் தாமதமானால் ரத்த செல்கள் சிரிஞ்சுக்குள்ளும் வேலை செய்துகொண்டே இருக்கும், PaCO2 கொஞ்சம் ஏறும். ஆனால் 22லிருந்து 36க்குப் போகும் அளவுக்கு ஏறாது. தமனிக்குப் பதில் சிரையில் குத்திவிட்டோமா? அதைக் கண்டுபிடிக்க ரத்தத்தின் ஆக்சிஜன் அழுத்தத்தைச் சொல்லும் PaO2 இருக்கிறது. சிரை ரத்தத்தில் அது 40 அளவில் இருக்கும். விரலில் மாட்டிய மானிட்டர் 98 காட்டும்போது PaO2 40 என்று வந்தால் சந்தேகப்படுங்கள். இவருக்கு PaO2 95. சாம்பிள் சரிதான்.

இங்கே இன்னொரு பொறியும் இருக்கிறது. ஆக்சிஜன் வைத்திருக்கும்போது SpO2 98 என்று அழகாக நிற்கும். அது ஆக்சிஜனைத்தான் சொல்லும், கார்பன் டை ஆக்சைடு வெளியே போகிறதா என்று சொல்லாது. அதனால் மானிட்டரை விட்டுவிட்டுத் தோளைத் தட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். கண் திறக்கிறாரா, பேச்சு குழறுகிறதா, மார்பு முன்பு போல ஏறுகிறதா என்று பாருங்கள்.

பிறகு உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். "ஏபிஜி வந்துவிட்டது, PaCO2 நார்மல்" என்று சொன்னால் அவர் மெதுவாக வரக்கூடும். நான் சொல்வது இப்படி இருக்கும்: "டாக்டர், கீட்டோஅசிடோசிஸ் நோயாளி. pH 7.18லிருந்து 7.02க்கு இறங்கிவிட்டது. பைகார்பனேட் 9, PaCO2 22லிருந்து 36க்கு ஏறிவிட்டது. மூச்சு 34லிருந்து 18 ஆகிவிட்டது, தட்டினால்தான் கண் திறக்கிறார். களைத்துவிட்டார் என்று நினைக்கிறேன், உடனே வாருங்கள்." போனை வைத்ததும் அவரைத் தனியாக விட்டுவிட்டு நகராதீர்கள். அம்பு பேக், சக்‌ஷன், ஏர்வே டிராலி எல்லாவற்றையும் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவரச் சொல்லுங்கள்.