“96% வெற்றி” ஸ்லைடுக்குள் 232 பெட்டிகள் எங்கே போயின?

(திரையில்: ஒரே ஸ்லைடு, பெரிய எழுத்தில் “96% வெற்றி”)

இந்த ஸ்லைடில் பொய் எதுவும் இல்லை. ஆனால் 1,000 பெட்டிகளில் 232 பெட்டிகளை ஸ்கேனர் படிக்கவில்லை. இரண்டும் எப்படி உண்மையாகும்?

மருந்துக் கிடங்கு ஒன்றில் கை ஸ்கேனரால் சரக்கு எண்ணிப் பார்த்த எட்டு வார பைலட், அதாவது சோதனை முயற்சி, என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் புரிவதற்காக நான் போட்ட எடுத்துக்காட்டு இது. முடிவில் 24 ஸ்லைடு டெக் வந்துவிட்டது. இதிலிருந்து, எது வேலை செய்தது, எது சறுக்கியது, அடுத்து எதை மாற்றுவது என்று சொல்லும் “லெசன்ஸ் லேர்ன்ட்” ஆவணம் எழுத வேண்டும். டெக் தயாரானது அடுத்த கட்டத்துக்கு ஒப்புதல் வாங்குவதற்காக. அதை அப்படியே சுருக்கினால் சறுக்கல்கள் வெளியே வராது.

(திரையில்: ஸ்லைடின் அடிக்குறிப்பு பெரிதாகிறது)

அடிக்குறிப்பைப் பாருங்கள்: “படிக்கக்கூடிய லேபிள் உள்ள பெட்டிகள் மட்டும்.” லேபிள் கிழிந்த 200 பெட்டிகளைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. மீதி 800-இல் 96 சதவீதம் என்றால் 768. மொத்தப் பெட்டிகளோடு பார்த்தால் சுமார் 77 சதவீதம்தான். சதவீதத்தைப் பார்த்தால் முதலில் “எத்தனையில்?” என்று கேளுங்கள்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த வேலை. பைலட் தொடங்கியபோது காட்டிய டெக்கைத் தேடி எடுத்து, கடைசி டெக்கின் பக்கத்தில் வையுங்கள். முதல் டெக்கில் “இரண்டு நாள் எண்ணிக்கை நான்கு மணி நேரத்தில் முடியும்” என்றிருந்தது. கடைசி டெக்கில் நேரத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை! காணாமல் போன இலக்குக்குப் பின்னால் அநேகமாக ஒரு கதை இருக்கும். கிடங்குக்காரரிடம் கேட்டால், இரும்பு ரேக்குகளுக்குப் பின்னால் வைஃபை கிடைக்காமல், பதிவேற்ற ஒவ்வொரு முறையும் வாசல்வரை நடந்தோம் என்கிறார். எந்த ஸ்லைடிலும் இது இல்லை.

ஸ்பீக்கர் நோட்ஸையும் திறந்து பாருங்கள். “வெண்டர் ஆள் தினமும் வந்து உதவினார்” என்று இருக்கிறது. அப்படியானால் “ஊழியர்கள் எளிதில் கற்றுக்கொண்டார்கள்” என்பதை “வேலை செய்தது” பகுதியில் தனியாக எழுதக் கூடாது. அந்த உதவி இருந்தபோது என்ற நிபந்தனையோடு எழுத வேண்டும். அடுத்த கிடங்குக்கு அந்த ஆள் வரமாட்டார்.

சரி, மாற்றத்தை எப்படி எழுதுவது? “லேபிள் தரத்தை மேம்படுத்த வேண்டும்” என்று எழுதினால் திங்கட்கிழமை காலையில் யாரும் எதுவும் செய்ய முடியாது. இப்படி எழுதிப் பாருங்கள்:

(திரையில்)
நடந்தது: 1,000-இல் 200 பெட்டிகளின் லேபிள் படிக்க முடியவில்லை.
காரணம்: சரக்கு இறங்கும்போது யாரும் லேபிளைப் பார்ப்பதில்லை.
மாற்றம்: இறக்கும் இடத்திலேயே ஸ்கேன் செய்து, படிக்காததற்குப் புது ஸ்டிக்கர்.
பொறுப்பு: சரக்கு வாங்கும் மேற்பார்வையாளர், இரண்டாம் கிடங்கு தொடங்கும் முன்.

காரணம் உறுதியாகத் தெரியாவிட்டால் “ஊகம்” என்று பக்கத்திலேயே குறியுங்கள். வரைவை மேலதிகாரிக்கு அனுப்பும் முன் கிடங்குக்காரரிடம் காட்டுங்கள். வாசல்வரை நடந்தவர் அவர்தான். உங்கள் டெக்கில் காணாமல் போன இலக்கு எது? கமென்ட்டில் எழுதுங்கள்.