வான் உங்கள் பக்கம் நின்றால், காத்திருப்பதும் நீங்கள்தான்

வணக்கம். லண்டனில் கார் ஓட்டப் பழக்குகிறவன் என்றுதான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள், அதனால் பழக வருகிறவர்கள் என்னோடு அதிகம் வாதாடுகிற விஷயத்தையே எடுத்துக்கொள்கிறேன். நம் பக்கத்தில் ஒரு வான் நிற்கிறது, எதிரே கார் வருகிறது. யார் நிற்பது?

இங்குள்ள ஹைவே கோட் 163ஆம் விதியில் இதற்குப் பதில் இருக்கிறது. தடை யார் பக்கமோ அவர்தான் எதிரே வருகிறவருக்கு வழிவிட வேண்டும். யார் முதலில் வந்தார், யாருடைய வண்டி பெரியது என்பதெல்லாம் கணக்கில் இல்லை.

சரி, ஈஸ்ட் ஹாம் பக்கம் ஒரு குடியிருப்பு வீதியில் 20 மைல் வேகத்தில் போகிறீர்கள் என்று வையுங்கள். இடப்பக்கம் பார்சல் வான். முதலில் கண்ணாடிகளைப் பாருங்கள், காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுங்கள், அப்புறம் உங்களையே ஒன்று கேளுங்கள்: நான் இப்போது வெளியே எடுத்தால் எதிரே வருகிறவர் பிரேக் போடவோ ஒதுங்கவோ வேண்டியிருக்குமா? ஆம் என்றாலும் சந்தேகம் என்றாலும் நில்லுங்கள்.

எங்கே நிற்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வானின் பின்பம்பரை ஒட்டிப் போய் நிற்பார்கள். அங்கிருந்து முன்னால் ஒன்றும் தெரியாது, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால்தான் வெளியே வர முடியும், பின்னால் வருகிறவரோ நீங்களும் பார்க் பண்ணிவிட்டீர்கள் என்று நினைத்துத் தாண்டப் பார்ப்பார். இரண்டு கார் நீளம் முன்னதாகவே, உங்கள் பாதிக்குள் நடுக்கோட்டுப் பக்கம் கொஞ்சம் தள்ளி, சக்கரம் நேராக இருக்க நில்லுங்கள். எதிரே வருகிறவர் போக இடமும் இருக்கும், வானுக்கு அப்பால் உங்களுக்குப் பார்வையும் இருக்கும்.

எதிரே மூன்று கார் வரிசையாக வந்தால் மூன்றும் போகட்டும், ஆளுக்கு ஒன்றாக மாறி மாறிப் போகிற முறை இதில் கிடையாது. அவர்களில் ஒருவர் லைட் அடித்தால் உடனே பாயாதீர்கள். அவர் உங்களுக்குப் பின்னால் இருக்கிற யாருக்கோ அடித்திருக்கலாம், அவருடைய கார் உண்மையில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். தாண்டும்போது வானுக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு கதவு திறக்கிற அளவு இடைவெளி வேண்டும், அது இல்லையென்றால் நடக்கிற வேகத்துக்கு இறங்கிவிடுங்கள்.

இரண்டு பக்கமும் கார்கள் நிற்கிற வீதி வேறு கதை. அங்கே யாருக்கும் முன்னுரிமை இல்லை, ஒதுங்க இடைவெளி யாருக்குக் கிட்ட இருக்கிறதோ அவர் ஒதுங்குவதுதான் வழக்கம்.

டெஸ்டில் எதிரே வருகிறவரைப் பிரேக் போட வைத்தால் பெரும்பாலும் அங்கேயே தோல்விதான். ஆனால் நூறு மீட்டர் தள்ளி வருகிற காருக்காகப் பயந்து நின்றாலும் தேவையில்லாத தயக்கம் என்று குறித்துக்கொள்வார்கள், அதுவும் நிறையப் பேருக்கு நடக்கிறது.