சனி ஒரு பக்கம், குரு ஒரு பக்கம்

நேயர்களுக்கு வணக்கம். எனக்குத் தெரிந்த வன்பொருள் கடைக்காரர் ஒருவர் போன வருஷம் இரண்டு சிறு புத்தகங்களோடு வந்தார். ஒன்று சனிப்பெயர்ச்சி பலன், இன்னொன்று குருப்பெயர்ச்சி பலன். அவருக்கு மக நட்சத்திரம், சிம்ம ராசி. முதல் புத்தகம் “அஷ்டமச்சனி, புது முயற்சி எதுவும் வேண்டாம்” என்கிறது. இரண்டாவது “பதினொன்றில் குரு, தொட்டதெல்லாம் துலங்கும்” என்கிறது. “எதை ஐயா நம்புவது?” என்று கேட்டார். பக்கத்துத் தெருவில் இரண்டாவது கடை எடுக்கலாமா என்பதுதான் அவர் யோசனை.

கோசாரம் என்பது இன்று வானத்தில் ஓடும் கிரகத்தை நம் ஜென்ம ராசியிலிருந்து எண்ணிப் பார்ப்பது. ஜென்ம ராசி என்றால் பிறந்தபோது சந்திரன் நின்ற ராசி. லக்னத்திலிருந்து அல்ல. எண்ணும்போது சொந்த ராசியே ஒன்று. அடுத்த ராசியை ஒன்று என்று ஆரம்பித்தால் எல்லாம் ஓர் இடம் தள்ளிப்போகும். நிறையப் பேர் இங்கேதான் வழுக்குகிறார்கள். சிம்மம் ஒன்று, கன்னி இரண்டு, துலாம் மூன்று என்று எண்ணிக்கொண்டே போனால் மீனம் எட்டு, மிதுனம் பதினொன்று.

திருக்கணிதப் பஞ்சாங்கப்படி சனி 2025 மார்ச் 29-ல் மீனத்துக்கு வந்தார், குரு மே மாதம் மிதுனத்துக்கு வந்தார். வாக்கியப் பஞ்சாங்கப்படி சனி மீனத்துக்கு வருவது 2026 மார்ச்சில்தான். திருநள்ளாறு கோயில் வாக்கியத்தைப் பின்பற்றுவதால் அங்கே 2025-ல் சனிப்பெயர்ச்சி விழா நடக்கவில்லை. எதைப் பின்பற்றினாலும் சரி, ஆனால் சனிக்கு ஒரு பஞ்சாங்கம், குருவுக்கு இன்னொன்று என்று கலக்கக் கூடாது. நான் திருக்கணிதத்தை வைத்தே பேசுகிறேன்.

சனிக்கு நல்ல இடங்கள் 3, 6, 11. குருவுக்கு 2, 5, 7, 9, 11. இந்தக் கணக்கில் நம் கடைக்காரருக்குச் சனி கெட்டவர், குரு நல்லவர். அப்படியானால் ஒன்றுக்கொன்று கழிந்துவிடும் என்றுதான் பலரும் சொல்வார்கள். அது எனக்குச் சம்மதமில்லை. மந்திரேஸ்வரரின் பலதீபிகையில் வேதை என்று ஒன்று வருகிறது. குரு ஒவ்வொரு நல்ல இடத்தில் நிற்கும்போதும் அதைத் தடுக்கிற ஓர் இடம் உண்டு. பதினொன்றில் நிற்கும் குருவுக்கு வேதை ஸ்தானம் எது தெரியுமா? எட்டு! அந்த எட்டில்தான் சனி உட்கார்ந்திருக்கிறார். எட்டில் சனி தானும் தொல்லை கொடுப்பார், பதினொன்றில் குரு தருவதையும் தடுப்பார். அந்த இரண்டு புத்தகங்களையும் தனித்தனியாக எத்தனை தடவை புரட்டினாலும் இது கிடைக்காது. நான் சொல்ல வந்ததே இதுதான், இரண்டு பேரையும் ஒரே கட்டத்தில் எழுதிவைத்துப் பார்க்க வேண்டும்.

அவர் அனுபவமும் அப்படித்தான் போனது. வியாபாரம் கூடியது, அதை அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் ஒப்பந்தக்காரர்களுக்குக் கடனில் போன சரக்கின் பணம் திரும்பவில்லை. நோட்டில் லாபம், கல்லாவில் ஒன்றுமில்லை. ஒருவர் கதையை வைத்துச் சாஸ்திரத்தை நிரூபித்ததாகச் சொல்லவில்லை. வேதை எப்படி இருக்கும் என்று கேட்டவர்களுக்குச் சொல்ல எனக்கு வாய்த்த உதாரணம் அது.

அப்புறம் பார்வை. குரு தான் நிற்கும் இடத்திலிருந்து 5, 7, 9-ஆம் இடங்களைப் பார்ப்பார். மிதுனத்தில் இருக்கும்போது துலாம், தனுசு, கும்பம். மீனத்துச் சனி கண்ணிலேயே படமாட்டார். 2026 ஜூன் தொடக்கத்தில் குரு கடகத்துக்கு மாறுகிறார். சிம்மத்துக்கு அது பன்னிரண்டு, விரயம். புத்தகத்தில் மதிப்பெண் சட்டென்று விழுந்துவிடும். ஆனால் கடகம் குருவுக்கு உச்ச வீடு. அங்கிருந்து ஒன்பதாம் பார்வை மீனத்தில், நேரே சனிமேல் விழுகிறது. குரு பார்க்கக் கோடி நன்மை என்பார்களே, அந்தப் பார்வை இங்கே அஷ்டமச்சனிக்கே கிடைக்கிறது. செலவு நிற்காது, ஆனால் சனியின் கடுமை தணியும். அதனால்தான் அவரிடம், கடையை எடுப்பதைத் தள்ளிவையுங்கள், கிட்டங்கிக் கூரை மாற்றுவது மாதிரி தவிர்க்க முடியாத செலவை அந்த ஜூனுக்குப் பிறகு செய்யுங்கள் என்றேன்.

2025 அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் முதல் வாரம் வரை குரு அதிசாரமாக, அதாவது வழக்கத்தைவிட வேகமாக ஓடி, கடகத்துக்குப் போய்த் திரும்பினார். சிம்ம ராசிக்காரர்கள் அந்த ஒன்றரை மாதக் கணக்கு நோட்டை எடுத்துப் பாருங்கள். ஜூனுக்குப் பிறகு எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு குறிப்பு கிடைக்கலாம்.

ராசிக்கு ராசி பரல் என்னும் புள்ளி போட்டுப் பார்க்கும் அஷ்டகவர்க்கத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், நேரம் போய்விட்டது. இவ்வளவு மட்டும்: சனியின் அஷ்டகவர்க்கத்தில் மொத்தம் 39 பரல். உங்கள் ஜாதகத்தில் மீனத்துக்கு அதில் ஐந்து விழுந்திருந்தால் அஷ்டமச்சனி அவ்வளவு கடிக்காது, ஒன்றோ இரண்டோ என்றால் கவனம் வேண்டும். நடப்பு தசாபுக்தியைப் பார்க்காமல் கோசாரத்தை மட்டும் வைத்து வீடு விற்பதோ வேலையை விடுவதோ கூடாது. வணக்கம்.