ஒரு குரங்கு செத்தால் ஏன் ஊருக்கே ஊசி?

2017 அக்டோபரில் பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரத்தில் ஒரு பெரிய பூங்காவை மூடினார்கள். அங்கே ஓர் ஊளைக் குரங்கு செத்துக் கிடந்தது. சோதித்தால் மஞ்சள் காய்ச்சல், கொசு பரப்பும் வைரஸ் நோய். சுற்றுவட்டாரத்து மக்களுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கிவிட்டார்கள். ஒரு குரங்குக்கா இத்தனை அமர்க்களம் என்று கேட்கத் தோன்றும்.

அந்த நாட்டுக் காடுகளில் இந்த வைரஸைச் சுமப்பது ஹேமகோகஸ் என்னும் கொசு. அது நம் வீட்டுத் தொட்டியைத் தேடி வராது. உயரமான மரங்களின் பொந்துகளில் தேங்கும் மழைநீருக்குச் சற்று மேலே, பொந்தின் சுவரில் முட்டையிடும். கோடையில் பொந்து வறண்டாலும் முட்டை சாகாது. மழை பெய்து நீர் ஏறினால் பொரிக்கும். பகல் வேளையில் மரத்தின் உச்சியிலேயே பறந்து குரங்குகளைக் கடிக்கும். ஊளைக் குரங்குகள் இந்த நோயில் கொத்துக் கொத்தாகச் சாகும். தப்பியவற்றுக்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிடும். அங்கே தொற்றக் குரங்கில்லாமல் போனதும் வைரஸ் அடுத்த கூட்டத்துக்கு நகரும். இதுதான் காட்டுச் சுற்று.

மனிதன் இதில் தற்செயலாக மாட்டிக்கொள்கிறவன். மரம் வெட்டுகிறவனைப் பாருங்கள். மரம் சாயும்போது உச்சியில் இருந்த கொசுவும் அவனருகே இறங்கிவிடுகிறது.

அவன் காய்ச்சலோடு ஊர் திரும்பினால்? நோயின் முதல் மூன்று, நான்கு நாட்கள் அவன் ரத்தத்தில் வைரஸ் நிறைய இருக்கும். அப்போது டெங்கு பரப்பும் அதே ஏடிஸ் எஜிப்தி கொசு அவனைக் கடித்து, சில நாள் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரரையும் கடித்தால், அது ஊர்ச் சுற்று. இனி குரங்கே தேவையில்லை. பிரேசிலில் இப்படி ஊருக்குள் பரவியது கடைசியாக 1942இல்தான். 2016 முதல் 2018 வரை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு நோய் வந்தபோதும், அது காட்டுக் கொசு கொடுத்ததாகவே தெரிந்தது.

தடுப்பூசி இந்த இரண்டு சுற்றிலும் ஒரே வேலையைச் செய்வதில்லை. ஊர்ச் சுற்றில் வைரஸ் மனிதனை நம்பித்தான் இருக்கிறது. ஊரில் பெரும்பாலோர் ஊசி போட்டிருந்தால் கொசு கடித்தாலும் எடுத்துப்போக வைரஸ் கிடைக்காது. சங்கிலி அறுந்துவிடும், போடாதவரும் தப்புவார். காட்டிலோ எத்தனை பேர் போட்டுக்கொண்டாலும் குரங்குக்கும் கொசுவுக்கும் நடுவே அது ஓடிக்கொண்டேதான் இருக்கும். அங்கே ஊசி போட்டவருக்கு மட்டும்தான் காப்பு. பக்கத்து வீட்டுக்காரர் போட்டாரே என்று விறகு வெட்டப் போகிறவர் சும்மா இருக்க முடியாது. பாதுகாப்பு வரச் சுமார் பத்து நாளாகும் என்பதால், காய்ச்சல் கண்டபின் ஓடுவதும் உதவாது.

2018இல் மருந்து போதாமல், முழு அளவான அரை மில்லியில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் பலருக்குப் போட்டுச் சமாளித்தார்கள்.

இன்னொரு கூத்தும் நடந்தது. குரங்குதான் நோயைப் பரப்புகிறது என்று சிலர் அடித்தே கொன்றார்கள். குரங்கிடமிருந்து நேராக யாருக்கும் தொற்றாது. அடித்துக் கொன்ற குரங்கு எதையும் சொல்லாது. காய்ச்சலில் தானாக விழுகிற குரங்குதான், வைரஸ் எந்தப் பக்கம் நகர்கிறது, எந்த ஊருக்கு முதலில் ஊசி போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தது.