45 மணி நேரத்தைத் தாண்டினால் அந்த மாத ஓய்வூதியம் முழுவதும் நிறுத்தம்

[திரையில்: தேக்கா, சிராங்கூன் சாலைக் கடைகள்]

வணக்கம். அமெரிக்காவில் பல ஆண்டுகள் வேலை பார்த்து, குடியுரிமையும் பெற்று, பிள்ளைகளோடு இருப்பதற்காகச் சிங்கப்பூருக்கு வந்துவிட்ட தமிழர்களுக்கான வீடியோ இது. மாதந்தோறும் அமெரிக்க சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியம் வருகிறது. வீட்டில் சும்மா இருக்க மனம் வராமல் இங்கே பகுதிநேர வேலைக்கும் போகிறார்கள். அங்கேதான் சிக்கல்.

சிங்கப்பூரின் சிபிஎஃப் லைஃப் தொகையைப் பெறுபவர் எவ்வளவு சம்பாதித்தாலும் அந்தத் தொகை குறையாது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் வாங்குகிறார்கள் என்பதால், அமெரிக்க ஓய்வூதியமும் அப்படியே என்று நினைத்துவிடுகிறோம். அமெரிக்க முறை வேறு. 1960 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்களுக்கு முழு ஓய்வூதிய வயது 67. அதற்கு முன்பே ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு வேலையும் செய்தால் வரம்பு உண்டு.

அமெரிக்காவுக்குள் வேலை செய்பவருக்கு வரம்பு பணத்தில். 2026இல் அது ஆண்டுக்கு 24,480 டாலர். அதைத் தாண்டும் ஒவ்வொரு 2 டாலருக்கும் ஓய்வூதியத்தில் 1 டாலர் பிடிக்கப்படும். 67ஐ எட்டும் ஆண்டில் மட்டும் இந்த வரம்பு தளர்கிறது.

வெளிநாட்டில் வேலை செய்து, அந்தச் சம்பளத்துக்கு அமெரிக்க சோஷியல் செக்யூரிட்டி வரி கட்டாதவருக்கு வரம்பு மணிக்கணக்கில். ஒரு மாதத்தில் 45 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால், அந்த மாத ஓய்வூதியம் முழுவதும் நிறுத்தப்படும். சம்பளம் எவ்வளவு என்று பார்ப்பதே இல்லை. இந்த விதி மிகக் கடுமையானது என்பதே என் கருத்து. குறைந்த கூலிக்கு வேலை செய்பவரைத்தான் இது அதிகம் அடிக்கிறது.

[திரையில்: டிசம்பர் 2026 நாள்காட்டி; செவ்வாய், வியாழன்களில் வட்டம்]

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் 62 வயதில் ஓய்வூதியத்தைத் தொடங்கிவிட்டார். 67இல் 2,000 டாலர் வந்திருக்கும். ஐந்து ஆண்டுகள் முன்பே தொடங்கியதால் 30 விழுக்காடு குறைந்து 1,400 டாலர் வருகிறது. தேக்காவில் ஒரு துணிக்கடையில் செவ்வாயும் வியாழனும் ஐந்தைந்து மணி நேரம் வேலை, மணிக்கு 18 வெள்ளி. பெரும்பாலான மாதங்களில் 40 அல்லது 45 மணி நேரம்தான் வரும். சரியாக 45 என்றால் பாதகமில்லை. ஆனால் 2026 டிசம்பரில் ஐந்து செவ்வாய், ஐந்து வியாழன். மொத்தம் 50 மணி நேரம். கடைசியாகச் செய்த அந்த ஒரு நாள் வேலைக்குக் கூலி 90 வெள்ளி. அதற்காக 1,400 டாலர் போய்விடுகிறது.

அவருடைய கணக்கின் பேரில் மனைவியும் ஓய்வூதியம் வாங்கினால், அந்த மாதம் மனைவிக்கும் வராது.

அந்த ஒரு வியாழன் விடுப்பு எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். இங்கே கவனம் தேவை. வேலை செய்வதாக ஒப்பந்தம் இருந்தால், விடுமுறையிலோ உடல்நலமின்றியோ வீட்டில் இருந்த நாளையும் வேலை நாளாகவே எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே வேலையில் சேரும்போதே மாதத்துக்கு 45 மணி நேரத்தைத் தாண்டாதபடி முதலாளியிடம் பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் இருந்தாலும், சம்பளத்தில் அமெரிக்க சோஷியல் செக்யூரிட்டி வரி பிடிக்கப்படுகிறது என்றால் மணிக்கணக்கு பொருந்தாது. மேலே சொன்ன 24,480 டாலர் வரம்புதான். அமெரிக்க நிறுவனம் நேரடியாக வேலைக்கு வைத்திருக்கும் அமெரிக்கக் குடிமக்களுக்கு இப்படி அமையும். சம்பளச் சீட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

[திரையில்: 1,400 → 1,500]

நிறுத்திய பணம் அடியோடு போய்விடுவதில்லை. 67 வயதாகும்போது, நிறுத்தப்பட்ட மாதங்களைக் கழித்துவிட்டு ஓய்வூதியத்தைத் திரும்பக் கணக்கிடுவார்கள். நம் ஆளுக்கு 12 மாதம் நிறுத்தப்பட்டிருந்தால், 30 விழுக்காட்டுக் குறைப்பு 25 ஆகும். மாதம் 1,400க்குப் பதில் 1,500 டாலர் வரும். விலைவாசிக்கேற்ற உயர்வு இதில் சேரவில்லை. ஆனால் இழந்தது 16,800 டாலர். மாதம் 100 டாலராக அது திரும்பி வர 14 ஆண்டுகள் ஆகும், அதாவது 81 வயது வரை.

வேலையில் சேர்ந்ததும் தெரிவிப்பது உங்கள் பொறுப்பு. வெளிநாட்டு வேலை விவரங்களைக் கேட்கும் படிவம் SSA-7163. தெரிவிக்காமல் விட்டு, பின்னால் கண்டுபிடித்தால், கூடுதலாக வாங்கிய தொகையைத் திருப்பிக் கேட்பார்கள். அபராதமாக மேலும் பிடிக்கவும் முடியும். எந்தத் தேதியில் எத்தனை மணி நேரம் வேலை செய்தீர்கள் என்பதை ஒரு நோட்டில் எழுதி, கடை முதலாளியின் கையெழுத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். 67ஐ எட்டிய மாதத்திலிருந்து அந்த நோட்டு தேவையில்லை. எத்தனை மணி நேரம் வேலை செய்தாலும் ஓய்வூதியத்தில் கை வைக்க மாட்டார்கள்.